திருப்பித் தந்த மருந்து பில்லில் குறைந்ததா?

“காலையிலேயே வீட்டுக்குப் போகலாம் என்றீர்கள், மாலையாகியும் பில் வரவில்லையே” என்று எங்களிடம் பலர் வருந்துவதுண்டு. இந்தத் தாமதத்திற்குக் காப்பீட்டு நிறுவனத்தின் ஒப்புதலே காரணம் என்பது பொதுவான எண்ணம். அது ஓரளவே உண்மை. வார்டில் பயன்படாமல் மீந்த மருந்துகள் மருந்தகத்திற்குத் திரும்பிச் சென்று, கணக்கில் கழிக்கப்பட்ட பின்னரே இறுதி பில்லை முடிக்க இயலும். பலரும் அறியாத இந்த ஒரு படியைப் பற்றியே இங்கு எழுதுகிறோம். இதில் நேரும் பிழை தங்கள் பணத்தை நேரடியாகத் தொடுவது.

எடுத்துக்காட்டாக ஒரு நோயாளியைக் கருதுவோம். பித்தப்பைக் கற்களுக்காக லேப்ராஸ்கோப்பி முறையில் அறுவை சிகிச்சை செய்துகொள்ள ஓர் அம்மையார் சேர்கிறார். தொகுப்புக் கட்டணம், அதாவது பேக்கேஜ், 60,000 ரூபாய். மூன்று நாள் அறை வாடகை, அறுவை அரங்கு, அறுவை நிபுணர், மயக்க மருத்துவர், அந்தச் சிகிச்சைக்கு வழக்கமாகத் தேவைப்படும் மருந்துகள் ஆகிய அனைத்தும் அதில் அடக்கம். மூன்றாம் நாள் அவருக்குக் காய்ச்சல் வருகிறது. இரத்தத்தைக் கிருமி வளர்ப்புப் பரிசோதனைக்கு அனுப்பிவிட்டு, பைப்பராசிலின்–டாசோபாக்டம் என்னும் ஊசி மருந்தை எட்டு மணிக்கு ஒருமுறை ஐந்து நாட்களுக்குத் தருமாறு எழுதுகிறோம். இம்மருந்து தொகுப்பில் அடங்காது. எனவே மருந்தகம் 15 குப்பிகளை அவர் பெயரில் தனியே வழங்குகிறது. ஒரு குப்பி 400 ரூபாய் எனில், அக்கணமே அவர் பில்லில் 6,000 ரூபாய் ஏறிவிடுகிறது.

இங்கே ஒன்றைக் கவனிக்க வேண்டும். மருந்து நோயாளியின் உடலில் செலுத்தப்படும்போது பில்லில் ஏறுவதில்லை. மருந்தகத்திலிருந்து வெளியேறும்போதே ஏறிவிடுகிறது. மருந்தகத்தின் இருப்புக் கணக்கு, நோயாளியின் பில், மருத்துவமனையின் பேரேடு ஆகிய மூன்றும் கணினியில் ஒன்றோடொன்று பிணைக்கப்பட்டிருப்பதே இதற்குக் காரணம். இருப்பில் 15 குறைகிறது, பில்லில் 6,000 கூடுகிறது, பேரேட்டில் அதே தொகை மருந்து விற்பனை வருவாயாகப் பதிவாகிறது.

ஐந்தாம் நாள் மாலை பரிசோதனை முடிவு வருகிறது, காய்ச்சலும் தணிந்துவிட்டது. ஊசியை நிறுத்தி மாத்திரைக்கு மாற்றுகிறோம். அதற்குள் ஆறு குப்பிகள் செலுத்தப்பட்டுவிட்டன. இரவு வேளைக்காகச் செவிலியர் ஏழாவது குப்பியைக் கரைத்தும் வைத்துவிட்டார். எஞ்சியவை எட்டு.

அந்த எட்டும் வார்டிலிருந்து மருந்தகத்திற்குத் திரும்ப வேண்டும். செவிலியர் நோயாளியின் எண்ணுக்கு எதிரே திரும்பல் கோரிக்கையைப் பதிகிறார். மருந்தாளுநர் ஒவ்வொரு குப்பியையும் கையிலெடுத்து முத்திரை உடையாமல் உள்ளதா, தொகுதி எண்ணும் காலாவதித் தேதியும் வழங்கியபோது பதிந்தவற்றோடு ஒத்துள்ளனவா என்று பார்த்தே ஏற்கிறார். அவர் ஏற்றவுடன் மூன்று கணக்குகளும் சேர்ந்தே பின்னோக்கி நகர்கின்றன. இருப்பில் எட்டு கூடுகிறது, பில்லில் 3,200 ரூபாய் குறைகிறது, பேரேட்டிலும் அவ்வருவாய் கழிக்கப்படுகிறது. கரைத்த குப்பியைத் திருப்ப இயலாது. இன்சுலின் போன்று குளிரில் காக்க வேண்டிய மருந்துகள் வார்டுக்குச் சென்றபின் மீண்டும் ஏற்கப்படுவதில்லை. இடையில் குளிர்ச்சி குறைந்ததா என்பதை உறுதிசெய்ய வழியில்லை.

இப்போது அம்மையாரின் பில் இவ்வாறு அமைகிறது: தொகுப்பு 60,000, கூடுதல் இரண்டு நாள் அறை வாடகை 6,000, பரிசோதனைகளும் மருத்துவர் பார்வையும் 4,000, ஊசி மருந்து ஏழு குப்பிகள் 2,800, உடனிருந்தவரின் உணவு 600. மொத்தம் 73,400 ரூபாய். துணையாளர் உணவைக் காப்பீடு ஏற்காது. அதை நோயாளி செலுத்துகிறார். எஞ்சிய 72,800 ரூபாய்க்குக் காப்பீட்டு நிறுவனம் ஒப்புதல் தந்தால், அது பேரேட்டில் அந்நிறுவனத்திடமிருந்து வரவேண்டிய தொகையாக எழுதப்படுகிறது. சில வாரங்கள் கழித்து வருமான வரிக்காக 10 சதவீதம் பிடித்தம் போக 65,520 ரூபாய் வங்கிக்கு வரும். பிடித்த 7,280 ரூபாய்க்கு வரிச் சான்று வரும். இரண்டும் சேர்ந்து 72,800 ஆனால்தான் கணக்கு முடிகிறது.

பிழை எங்கே நுழைகிறது? எட்டுக் குப்பிகளும் வார்டு அலமாரியிலேயே தங்கிவிடலாம். அல்லது பதிவு செய்யாமல் மருந்தக அடுக்கில் வைக்கப்படலாம். அப்போது பில் 76,600 ஆகவே நிற்கும். மாதாந்தர இருப்பு எண்ணிக்கையின்போது அடுக்கில் கணினி காட்டுவதைவிட எட்டு குப்பிகள் அதிகமாக இருக்கும். குறைந்தால் எல்லோரும் தேடுவர். கூடினால் நல்லதென்று விட்டுவிடும் இயல்பு உண்டு. ஆனால் கூடுதலாக நிற்கும் ஒவ்வொரு குப்பியும் யாரோ ஒரு நோயாளி விலை கொடுத்தும் பயன்படுத்தாத குப்பியாக இருக்கக்கூடும். ஆகவே குறைவைப் போலவே கூடுதலையும் பெயர் தேடித் திருத்த வேண்டும்.

“காப்பீடுதானே கொடுக்கிறது, எனக்கென்ன இழப்பு?” என்று எண்ண வேண்டாம். அந்த 3,200 ரூபாய் தங்கள் ஆண்டுக் காப்பீட்டு வரம்பிலிருந்தே கழிகிறது. அதே ஆண்டில் குடும்பத்தில் வேறொருவர் சேர நேர்ந்தால் அத்தொகை அவருக்குக் கிடைக்காது.

மற்றொரு பிழை நேரம் சார்ந்தது. இறுதி பில்லை மருத்துவமனை அனுப்பிய பின் மூன்று மணி நேரத்திற்குள் காப்பீட்டு நிறுவனம் ஒப்புதல் தர வேண்டும் என்று இந்தியக் காப்பீட்டு ஒழுங்குமுறை ஆணையம் 2024 மே மாதச் சுற்றறிக்கையில் விதித்துள்ளது. அதற்குமேல் தாமதித்து, அதனால் மருத்துவமனை கூடுதல் கட்டணம் விதித்தால், அதை நிறுவனமே ஏற்க வேண்டும். ஆனால் அந்தக் கடிகாரம் நாங்கள் பில்லை அனுப்பிய பின்னரே ஓடத் தொடங்குகிறது. அனுப்பிய பிறகு மருந்து திரும்பி வந்தால் பில்லைத் திருத்தி மறுபடியும் அனுப்ப நேரிடும், காத்திருப்பும் நீளும்.

இதில் மருத்துவர்களாகிய எங்கள் பங்கும் உண்டு. மறுநாள் வீடு திரும்பலாம் என்பது முந்தைய மாலையே தெரிந்திருந்தும், ஊசியை நிறுத்தும் உத்தரவைக் காலைச் சுற்றில்தான் எழுதுவோம் என்றால், இரவில் ஒரு குப்பி வீணாகும். திரும்பல் பதிவும் காலையில்தான் தொடங்கும். எங்கள் துறையில் அவ்வாறு நேர்ந்ததுண்டு. அதனால் இப்போது மாலைச் சுற்றிலேயே நிறுத்தும் உத்தரவை எழுதுகிறோம்.

தாங்கள் செய்யத்தக்கவை சிலவே. ஊசி மருந்து மாற்றப்பட்டால் அல்லது நிறுத்தப்பட்டால், மீதம் உள்ளதா, திரும்பல் பதிவாயிற்றா என்று வார்டுச் செவிலியரிடம் அன்றே கேளுங்கள். இறுதி பில்லின் சுருக்கத்தோடு நில்லாமல் மருந்துவாரியான விவரப் பட்டியலையும் கேட்டுப் பெறுங்கள். அதில் வழங்கியவையும் திரும்பியவையும் தனித்தனி வரிகளாக இருக்கும். வழங்கியதிலிருந்து திரும்பியதைக் கழித்தால் வரும் எண்ணிக்கை, செலுத்தப்பட்ட வேளைகளோடு ஏறக்குறைய ஒத்திருக்க வேண்டும். ஒன்றிரண்டு கூடினால் கரைத்து வீணானதாக இருக்கலாம். காரணம் கேட்கத் தங்களுக்கு உரிமை உண்டு. அறுவை நடந்த நாளின் தேதியில் மயக்க மருந்தோ அறுவைக்கு முன் போடும் தடுப்பு ஊசியோ தொகுப்புக்கு வெளியே தனியாகக் காணப்பட்டால் அதையும் கேளுங்கள். தொகுப்பில் அடங்கியது இருமுறை ஏறியிருக்கலாம்.

வீடு திரும்பிய பின் பிழை தெரிந்தாலும் பில்லோடு கணக்குப் பிரிவை அணுகுங்கள். தொகுதி எண் பதிவில் இருப்பதால், அந்தக் குப்பி யாருக்குச் சென்றது, திரும்பியதா என்பதைப் பின்னரும் தேடிக் காண இயலும்.