பிளாக்கில் பதியும் படங்களும் ஏறிய கட்டணமும்

இன்ஸ்கிரிப்ஷன் என்பது ஒரு படத்தையோ எழுத்தையோ பிளாக்செயினுக்குள்ளேயே முழுதாகப் பதிந்து வைக்கும் முறை. என்எஃப்டி எனப்படும் டிஜிட்டல் படங்கள் பலவற்றில் படம் வேறொரு சர்வரில் இருக்கும். அதைச் சுட்டும் முகவரி மட்டுமே பிளாக்செயினில் இருக்கும். சர்வர் மூடப்பட்டால் படமும் போய்விடும். இன்ஸ்கிரிப்ஷனில் படத்தின் ஒவ்வொரு பைட்டும் பரிவர்த்தனையோடு பிளாக்கில் ஏறிவிடுகிறது. பிட்காயினில் இதற்கு வழி செய்தவர் கேசி ரோடார்மோர். அவருடைய `ord` மென்பொருள் 2023 ஜனவரியில் பொதுப் பயன்பாட்டுக்கு வந்தது.

பதிவு இரண்டு பரிவர்த்தனைகளில் நடக்கிறது. முதலாவது, ஒரு ஸ்கிரிப்டின் ஹேஷுக்குக் கட்டுப்பட்ட முகவரிக்குச் சிறு தொகையை அனுப்புகிறது. இரண்டாவது, அந்தத் தொகையைச் செலவு செய்யும்போது முழு ஸ்கிரிப்டையும் வெளிக்காட்டுகிறது. படமோ எழுத்தோ அந்த ஸ்கிரிப்டுக்குள் ஓர் உறைபோல அமைந்த பகுதியில் இருக்கும்:

```
OP_FALSE
OP_IF
  OP_PUSH "ord"
  OP_PUSH 1
  OP_PUSH "text/plain;charset=utf-8"
  OP_PUSH 0
  OP_PUSH "வணக்கம்"
OP_ENDIF
```

`OP_FALSE` முன்னால் நிற்பதால் `OP_IF`-க்குள் இருக்கும் எதுவும் இயங்காது. பிட்காயின் நோடுகளைப் பொறுத்தவரை அது தாண்டிச் செல்ல வேண்டிய பகுதி. ஆனால் பரிவர்த்தனையின் ஓர் அங்கமாக இருப்பதால், முழு நோடு ஒவ்வொன்றும் அதைத் தரவிறக்கியே தீர வேண்டும். மேலே உள்ள "வணக்கம்" 21 பைட் பிடிக்கிறது. ஒரு துண்டு 520 பைட்டைத் தாண்டக் கூடாது என்பதால் பெரிய படங்களைத் துண்டு துண்டாக நறுக்கி வரிசையாக அடுக்குகிறார்கள்.

இதற்கு இடம் கொடுத்தவை முன்பே வந்த இரண்டு மாற்றங்கள். 2017-இல் வந்த செக்விட், கையொப்பம் முதலானவை இருக்கும் சாட்சிப் பகுதிக்குச் சலுகை தந்தது: அங்குள்ள ஒரு பைட் கால் பைட்டாகவே கணக்கிடப்படும். 2021 நவம்பரில் வந்த டேப்ரூட், ஸ்கிரிப்டின் நீளத்துக்கு இருந்த 10,000 பைட் வரம்பை நீக்கியது. கையொப்பங்களுக்காகத் தந்த சலுகை இப்படிப் படங்களுக்கும் கிடைத்தது.

கணக்கைப் பார்த்தால் இது விளங்கும். இந்தச் சலுகையோடு எண்ணும் அளவு விபைட். ஒரு பிளாக்கில் பத்து லட்சம் விபைட் இடம் உண்டு. சாதாரணப் பணம் அனுப்பும் பரிவர்த்தனை ஒன்று சுமார் 141 விபைட். அப்படி ஏழாயிரம் வரை ஒரு பிளாக்கில் அடங்கும். 20,000 பைட் படம் ஒன்று சலுகையோடு 5,000 விபைட் ஆகிறது. ஆகவே இருநூறு படங்கள் வந்தாலே ஒரு பிளாக் நிறைந்துவிடும். 2023 பிப்ரவரி 1 அன்று ஒரே படம் ஏறக்குறைய 4 எம்பி அளவில் ஒரு பிளாக் முழுவதையும் பிடித்துக்கொண்டது. வழக்கமான நோடுகள் அவ்வளவு பெரிய பரிவர்த்தனையைக் கடத்துவதில்லை என்பதால், அதை மைனிங் நிறுவனம் ஒன்றிடம் நேரடியாகக் கொடுத்தே ஏற்ற முடிந்தது.

ஆனால் கட்டணத்தை உச்சத்துக்குக் கொண்டுபோனவை பெரிய படங்கள் அல்ல. படம் பதிப்பவருக்குப் பெரும்பாலும் அவசரம் கிடையாது. அளவு பெரிது என்பதால் ஒரு விபைட்டுக்கு ஒரு சடோஷி கூடினாலும் செலவு ஆயிரக்கணக்கில் ஏறும். கட்டணம் குறையும்வரை அவர் காத்திருப்பார். பிளாக்குகளில் சும்மா கிடந்த இடத்தைப் படங்கள் நிரப்பின. விலையை ஏற்றியவை சின்னஞ்சிறு எழுத்துப் பதிவுகள்.

2023 மார்ச்சில் பிஆர்சி-20 என்ற டோக்கன் முறை வந்தது. அதில் டோக்கன் பெறுவதற்குப் பதிய வேண்டியது இவ்வளவுதான்:

```
{"p":"brc-20","op":"mint","tick":"ordi","amt":"1000"}
```

மொத்தம் 53 பைட். `ordi` டோக்கனின் உச்ச எண்ணிக்கை 2.1 கோடி, ஒரு பதிவுக்கு அதிகபட்சம் 1,000. அதாவது 21,000 பதிவுகளோடு எல்லாம் தீர்ந்துவிடும். யாருடைய பதிவு முதலில் பிளாக்கில் ஏறுகிறதோ அவருக்கே டோக்கன். இதே அச்சில் ஆயிரக்கணக்கான டோக்கன்கள் முளைத்தன. பிளாக்கில் இடம் பிடிப்பது ஏலம் போன்றது: அதிகம் தருபவரையே மைனர் முதலில் ஏற்றுவார். முந்த நினைத்தவர்கள் கட்டணத்தைக் கூட்டிக்கொண்டே போக, சம்பந்தமே இல்லாமல் பணம் அனுப்பியவர்களும் அதே விலையைக் கொடுக்க வேண்டியதாயிற்று.

2023 மே 7-இல் ஒரு பிளாக்கின் கட்டண வருவாய், மைனருக்கு அப்போது புதிதாகக் கிடைத்த 6.25 பிட்காயினையே மிஞ்சியது. காத்திருந்த பரிவர்த்தனைகள் லட்சக்கணக்கில் குவிந்தன. பைனான்ஸ் எக்ஸ்சேஞ்ச் பிட்காயின் எடுப்பதை இரண்டு முறை நிறுத்தி வைத்து, தேங்கியவற்றைக் கூடுதல் கட்டணத்தோடு மறுபடி அனுப்பியது. அதே ஆண்டின் இறுதியில் இந்த அலை மற்ற நெட்வொர்க்குகளுக்கும் பரவியது. டிசம்பர் 15 அன்று அவற்றில் ஒன்றான ஆர்பிட்ரம் ஒரு மணி நேரத்துக்கும் மேலாக முடங்கியது.

இந்தப் பதிவுப் போட்டியில் பங்கேற்காதவருக்கு நேரும் முதல் சிக்கல், அனுப்பிய பணம் நடுவழியில் நிற்பது. நோடுகளின் காத்திருப்புப் பட்டியலுக்கு வழக்கமாக 300 எம்பி வரம்பு உண்டு. அது நிறைந்தால் குறைந்த கட்டணம் உள்ளவை தள்ளப்படும். தள்ளப்பட்டாலும் பணம் தொலைவதில்லை. அது அனுப்பியவரிடமே இருக்கிறது. பதற்றத்தில் விரைவுபடுத்தித் தருகிறோம் என்பவரிடம் வாலட்டின் மீட்புச் சொற்களைக் கொடுப்பதுதான் உண்மையான இழப்பு. அப்படி ஏமாந்தவர் இந்தியாவில் 1930 என்ற எண்ணில் உடனே புகார் செய்யலாம்.

நின்றுபோன பரிவர்த்தனையை நகர்த்த இரண்டு வழிகள் உண்டு. அனுப்பியவர் ஆர்பிஎஃப் முறையில் அதே பரிவர்த்தனையைக் கூடுதல் கட்டணத்தோடு மாற்றி அனுப்பலாம். பெறுபவர் என்றால், வரவிருக்கும் தொகையையே கூடுதல் கட்டணத்தோடு தனக்குத்தானே மறுபடி அனுப்பலாம், இது சிபிஎஃப்பி. உதாரணமாக, 141 விபைட் பரிவர்த்தனை 5 sat/vB வீதம், அதாவது 705 சடோஷியில் நிற்கிறது. அப்போதைய விலை 50 என்று கொள்வோம். பெறுபவரின் புதிய பரிவர்த்தனை 110 விபைட் என்றால் இரண்டுக்கும் சேர்த்து 12,550 சடோஷி தேவை. அவர் 11,845 செலுத்தினால் மைனர் இரண்டையும் சேர்த்தே ஏற்றுவார். பணம் எக்ஸ்சேஞ்சிலிருந்து கிளம்பியதாக இருந்தால் ஆர்பிஎஃப் அவர்கள் கையில்தான் உள்ளது. அது எந்த நிலையில் உள்ளது என்று பார்க்கப் பரிவர்த்தனை எண்ணைக் கேட்டு வாங்கிக்கொள்ளலாம்.

அதிகம் கவனிக்கப்படாத ஆபத்து சில்லறைத் தொகைகள். இன்ஸ்கிரிப்ஷன்கள் பலவும் 546 சடோஷி போன்ற சிறு தொகைகளில் உட்கார்ந்திருக்கும். டேப்ரூட் முகவரியில் உள்ள அப்படியொன்றைச் செலவு செய்ய சுமார் 58 விபைட் வேண்டும். 10 sat/vB விலையிலேயே 580 சடோஷி ஆகிவிடும். தொகையைவிடச் செலவு அதிகம். சாதாரண வாலட்டிலும் சிறு வரவுகள் பலவாகச் சேர்ந்தால் இதே நிலைதான். கட்டணம் தாழ்ந்திருக்கும் நாளில் அவற்றை ஒன்றாகச் சேர்த்துவிடுவது நல்லது. இன்ஸ்கிரிப்ஷன் வைத்திருப்பவர் அதைத் தனி வாலட்டில் வைக்க வேண்டும். இல்லையென்றால் அதை அடையாளம் தெரியாத வாலட், கட்டணத்துக்கான சில்லறையாக எடுத்து மைனருக்குக் கொடுத்துவிடும்.

டோக்கன் வாங்கப் பதிபவர் தெரிந்துகொள்ள வேண்டியது இன்னொன்று. பிஆர்சி-20 விதிகளைப் பிட்காயின் நோடுகள் சரிபார்ப்பதில்லை. வெளியே இயங்கும் இண்டெக்சர்களே கணக்கு வைக்கின்றன. உச்ச எண்ணிக்கை தீர்ந்த பிறகு ஏறிய பதிவு செல்லாது, ஆனால் அதற்குக் கொடுத்த கட்டணம் போனது போனதுதான். மைனரிடம் சேர்ந்த கட்டணத்தைத் திருப்பிக் கேட்க முறையீட்டு அலுவலகம் எதுவும் கிடையாது.

படத்தைப் பதித்ததாலோ வாங்கியதாலோ அதன் பதிப்புரிமை கைமாறாது. வேறொருவர் வரைந்ததை அனுமதியின்றிப் பதித்தால், உரிமையாளர் அதை விற்கும் தளத்தின் மீதும் பதித்தவர் மீதும் நடவடிக்கை எடுக்கலாம். சந்தைப் பட்டியலிலிருந்து நீக்க வைக்கவும் முடியும். பிளாக்கில் உள்ள பைட்டுகளை மட்டும் யாராலும் எடுக்க முடியாது. ஒருவரின் அந்தரங்கப் படமோ அடையாள ஆவணமோ அங்கே ஏறிவிட்டால், அதைக் காட்டும் இணையதளங்களை முடக்கச் சொல்வது மட்டுமே பாதிக்கப்பட்டவருக்கு எஞ்சும் வழி.