பரிசோதனைத் தாளிலிருந்து பதிவேட்டுக்கு

கர்ப்பப்பை வாய்ப் புற்றுநோயை முன்கூட்டியே தடுக்க, இந்தியாவில் அரசின் தொற்றா நோய்த் திட்டத்தில் 30 முதல் 65 வயது வரையுள்ள பெண்களுக்கு ஐந்தாண்டுக்கு ஒருமுறை வி.ஐ.ஏ. பரிசோதனை செய்யப்படுகிறது. கர்ப்பப்பை வாயில் நீர்த்த அசிட்டிக் அமிலம் தடவி, வெள்ளைத் திட்டு தோன்றுகிறதா என்று பார்ப்பதே இது. முடிவை அன்றே தாளில் எழுதிவிடலாம். ஆனால் யார் எப்போது மறுபடி வர வேண்டும் என்பது, தாள்களைத் தொகுத்துப் பதிவேடாக்கினால்தான் தெரியும்.

முதல் வேலை, ஒரே பெண்ணின் தாள்களை ஒன்றுசேர்ப்பது. இங்கேதான் பிழை அதிகம் நேர்கிறது. ஒரு தாளில் அப்பாவின் தலைப்பெழுத்தும், இன்னொன்றில் கணவரின் தலைப்பெழுத்தும் இருக்கும். வயதைக் குத்துமதிப்பாக எழுதியிருப்பார்கள். கைபேசி எண் கணவருடையதாக இருக்கலாம். அதனால் பெயரை மட்டும் நம்பாமல் ஊர், தெரு, பிறந்த ஆண்டு, கைபேசி எண் ஆகியவற்றையும் ஒப்பிட்டுப் பார்க்க வேண்டும்.

அடுத்தது தவணை. அதைப் பரிசோதனை செய்த நாளிலிருந்து கணக்கிட வேண்டும். பேப் ஸ்மியர் போன்றவற்றில் முடிவு வந்து சேரும் நாள் பிந்தியிருக்கும். இயல்பு என்றால் 60 மாதம். திட்டு இருந்து சிகிச்சை பெற்றவருக்கு 12 மாதம். பரிசோதனை நாள் C பத்தியிலும் மாதக் கணக்கு D பத்தியிலும் இருந்தால், எக்செலில் இந்தச் சூத்திரம் அடுத்த தேதியைத் தரும்:

```
=EDATE(C2,D2)
```

கர்ப்பப்பை வாய் சரியாகத் தெரியவில்லை என்று எழுதிய தாளை இயல்பு என்று பதியக் கூடாது. அந்தப் பெண்ணுக்கு ஐந்தாண்டுத் தவணை கிடையாது. பரிசோதனையே இன்னும் முடியவில்லை.

ஒரு கற்பனை எடுத்துக்காட்டு. க. வள்ளிக்கு 12-3-2019 அன்று இயல்பு என்று முடிவு. மு. வள்ளிக்கு 8-8-2022 அன்று வெள்ளைத் திட்டு. கால்போஸ்கோப்பிக்கு அனுப்பியதாகக் குறிப்பு. தனித்தனியாகப் பதிந்தால் முதல் வள்ளி 12-3-2024 முதல் தவணை கடந்தவர். இரண்டாமவர் மேல்சிகிச்சைக்குப் போய்விட்டவர் போலத் தெரிவார். இருவரும் ஒருவரே என்று தெரிந்ததும் பழைய தவணை செல்லாது. கால்போஸ்கோப்பி நடந்ததற்குத் தாளே இல்லை என்பதும் தெரியவரும். அவருக்கு உடனே தேவைப்படுவது அந்தப் பரிசோதனைதான்.

ஆகவே தவணை கடந்தோர் பட்டியலை இரண்டாகப் பிரிக்க வேண்டும். முடிவு இயல்பாக இருந்து தேதி கடந்தவர்கள் ஒன்று; திட்டு கண்டும் மேல்பரிசோதனை முடியாதவர்கள் மற்றொன்று. இரண்டாம் பட்டியலில் உள்ளவர்களைத்தான் முதலில் தேட வேண்டும். கர்ப்பப்பையை வாயோடு சேர்த்து அகற்றியவர்கள், ஊர் மாறியவர்கள், இறந்தவர்கள் ஆகியோரைக் காரணத்தோடு குறித்து அழைப்பிலிருந்து விலக்க வேண்டும். வரியை அழித்துவிடக் கூடாது.

இந்தப் பதிவேட்டில் இருப்பவர்கள் ஒருமுறையாவது வந்தவர்கள் மட்டுமே. ஒருமுறைகூட வராத பெண்களைக் கண்டறிய, அதைக் கிராமத்தின் குடும்பக் கணக்கெடுப்போடு ஒப்பிட்டாக வேண்டும்.