கோணல் தோசையைப் படத்தில் சீராக்குதல்

ஒரு பக்கம் நாக்கு நீட்டி, மறுபக்கம் வெட்டியது போல் விழுந்த தோசையைப் படத்தில் சீராக்க இரண்டு வேலைகள் உண்டு. துருத்திய பகுதியை உள்ளே தள்ள வேண்டும்; குறைந்த பகுதியில் ஓரத்தைப் புதிதாகக் கட்ட வேண்டும். இரண்டையும் ஒரே கருவியால் செய்ய முனைவதால்தான் பெரும்பாலான படங்கள் கெடுகின்றன.

எந்த வடிவத்துக்குக் கொண்டுவருவது என்பதை முதலில் முடிவு செய்ய வேண்டும். நேர் மேலிருந்து எடுத்த படத்தில்தான் வட்டமான தோசை வட்டமாகத் தெரியும். 45 பாகைச் சாய்வில் எடுத்த படத்தில் அது நீள்வட்டம். அகலம் 2000 பிக்சல் என்றால் உயரம் ஏறத்தாழ 1400தான் இருக்கும். இந்தக் கணக்கைத் தட்டின் விளிம்பே காட்டிவிடும். தட்டு எந்த அளவு சப்பையாகத் தெரிகிறதோ, அதே அளவு தோசையும் தெரிய வேண்டும். இதைக் கவனிக்காமல் முழு வட்டமாக்கினால் தோசை தட்டிலிருந்து எழுந்து நிற்பது போல் இருக்கும்.

ஃபோட்டோஷாப்பில் தனி லேயரில் அந்த நீள்வட்டத்தை மெல்லிய கோடாக வரைந்து வழிகாட்டியாக வைத்துக்கொள்ளலாம். கோட்டுக்கு வெளியே நிற்கும் தோசையும் உள்ளே காலியாக இருக்கும் இடமும் ஏறக்குறைய சமமாக வரும்படி அதைப் பொருத்துவது நல்லது. அப்போது எந்த ஓரத்தையும் அதிக தூரம் நகர்த்த வேண்டியிருக்காது. தோசையின் அளவும் கூடாது.

அடுத்து தோசையைப் பென் டூலால் வெட்டித் தனி லேயராக்க வேண்டும். வெள்ளைப் பீங்கான் தட்டில் உள்ள தோசையின் இடது கீழ்ப்புறம் 80 பிக்சல் துருத்தியும், வலது மேற்புறம் 120 பிக்சல் குறைந்தும் இருப்பதாகக் கொள்வோம். இடது பக்கத்தை உள்ளே தள்ளினால் அங்கே தட்டு வெளிப்படும். ஆகவே கீழ் லேயரில் பழைய ஓரத்தையும் அதன் நிழலையும் Content-Aware Fill அல்லது Clone Stamp கொண்டு முன்கூட்டியே அழித்துச் சுத்தமான தட்டாக்கிவிட வேண்டும்.

பிறகு தோசை லேயரை ஸ்மார்ட் ஆப்ஜெக்டாக மாற்றி Filter > Liquify திறக்கலாம். இப்படிச் செய்தால் பின்னர் எப்போது வேண்டுமானாலும் திருத்தலாம். பிரஷ் பெரிதாக, சுமார் 500 பிக்சல் அளவில் இருக்கட்டும். அழுத்தம் குறைவாக இருக்கட்டும். சிறு பிரஷால் குத்திக் குத்தித் தள்ளினால் ஓரம் அலையலையாக நெளியும். நடுப்பகுதியையும் அதன் மேலுள்ள வெண்ணெய்க் கட்டியையும் Freeze Mask பூசி அசையாமல் வைத்துவிட்டு, நாக்கை மெதுவாக உள்ளே தள்ள வேண்டும். தள்ளும்போது தோசையின் துளைகள் சற்று நெருங்கும். அது கண்ணுக்கு உறுத்தாது.

வலது மேற்புறத்தை அப்படி இழுக்க முடியாது. 120 பிக்சல் இழுத்தால் வட்டமான துளைகள் கோடுகளாக நீளும், பொன்னிற ஓரப்பட்டை இரண்டு பங்கு அகலமாகும். இழுத்துச் செய்த படத்தை இந்த நீண்ட துளைகளே காட்டிக்கொடுக்கும். அங்கே ஓரத்தைக் கட்டத்தான் வேண்டும். பக்கத்திலேயே உள்ள நல்ல ஓரத்தில் ஒரு வில்லைப் பகுதியை லாசோவால் எடுத்து, Ctrl+J அழுத்தி நகலெடுத்து, கோட்டுக்கேற்பத் திருப்பி, Edit > Transform > Warp மூலம் லேசாக வளைத்து வைக்கலாம். உட்பக்க இணைப்பை லேயர் மாஸ்க்கில் மென்மையான பிரஷால் கரைக்க வேண்டும். எதிர்ப்பக்க ஓரத்தை எடுப்பது தவறு. சாய்வான படத்தில் முன் ஓரம் கூர்மையாக, தடிமன் தெரியும்படி இருக்கும். பின் ஓரம் மெலிந்து, சற்று மங்கலாக இருக்கும். ஒளி விழும் திசையும் மாறிவிடும்.

ஓரம் அமைந்ததும் புதிய நிழல் வேண்டும். தோசைக்குக் கீழே ஒரு லேயரை Multiply முறையில் வைத்து, படத்தில் ஏற்கெனவே உள்ள நிழலின் நிறத்தையே எடுத்து மெல்லப் பூசினால் போதும். நிழலில்லாத ஓரம் தட்டுக்கு மேல் மிதக்கும்.

சப்பாத்திக்கும் இதே வழிதான், ஆனால் நகலெடுத்த துண்டில் இருக்கும் கருகல் புள்ளி இரண்டு இடங்களில் தெரிந்துவிடும். அதை Healing Brush கொண்டு அழித்துவிட வேண்டும். பீட்சாவில் தடித்த விளிம்பை மட்டும் திருத்தினால் போதாது. அதையொட்டிய சாஸ் கோடும் சேர்ந்து நகர வேண்டும். இல்லாவிட்டால் விளிம்பு ஓரிடத்தில் ஒல்லியாகவும் ஓரிடத்தில் பருத்தும் நிற்கும்.

முடிவில் படத்தை இடவலமாகத் திருப்பிப் பார்த்தால் மீதமிருக்கும் கோணல் உடனே புலப்படும். ஆனால் நீள்வட்டக் கோட்டோடு ஓரத்தை அப்படியே ஒட்டவைக்க வேண்டாம். கரண்டியால் தேய்த்த தோசைக்குச் சின்னச் சின்ன மேடுபள்ளங்கள் இருக்கும். அவற்றையும் மழித்துவிட்டால் படத்தில் இருப்பது அச்சில் வெட்டிய அட்டைதான்.