எண்பது சொல்லில் ஒரு கதை



போன தேர்வில் "பெரிய மார்க்கெட்டில் ஒரு நாள் என்னும் தலைப்பில் 80 சொற்களுக்கு மிகாமல் கதை எழுதுக" என்று கேட்டிருந்தார்கள். எனக்குக் குஷி. எங்க அம்மா அங்கேதானே பூ விக்கிறாங்க! நேரு வீதி, ரங்கப்பிள்ளை வீதி, நடுவில் மணிக்கூண்டு, மீன் வாசனை என்று எழுதிக்கொண்டே போனேன். எண்ணிப் பார்த்தால் 65 சொல் ஆகிவிட்டது. கதையில் ஒருத்தரும் இன்னும் ஒன்றும் செய்யவில்லை. அவசரத்தில் "திடீரென்று கண் விழித்தேன், எல்லாம் கனவு" என்று முடித்தேன். 5-க்கு 2 மதிப்பெண். தமிழம்மா விடைத்தாளைக் கையில் வைத்துக்கொண்டு, "இது மார்க்கெட்டைப் பற்றிய கட்டுரை. கதை எங்கே?" என்றார்கள். அதற்குப் பிறகு நான் கற்றுக்கொண்டதை இங்கே எழுதுகிறேன்.

முதலில் அளவு. பரீட்சையில் ஒவ்வொரு சொல்லாக எண்ண நேரம் இருக்காது. நம் கையெழுத்தில் ஒரு வரிக்கு எத்தனை சொல் வருகிறது என்று வீட்டிலேயே பார்த்துக்கொள்ளணும். எனக்கு 5 வருகிறது. அப்படியென்றால் 80 சொல்லுக்கு 16 வரி. தொடக்கத்துக்கு 4 வரி, திருப்பத்துக்கு 8 வரி, முடிவுக்கு 4 வரி. நாலாவது வரியிலும் பன்னிரண்டாவது வரியிலும் ஓரத்தில் பென்சிலால் ஒரு புள்ளி வைத்துவிடுவேன். புள்ளியைத் தாண்டினால் அந்தப் பகுதி நீளுகிறது என்று அர்த்தம்.

அடுத்தது திருப்பம். திடீரென்று போலீஸ் வருவதோ, புதையல் கிடைப்பதோ திருப்பம் ஆகாது. கதையில் வருபவர் ஒன்றைச் செய்யணும், அல்லது செய்யாமல் விடணும். அதனால் முடிவு மாறணும். 1910-இல் நம்ம புதுச்சேரிக்கு வந்து தங்கிய வ.வே.சு. ஐயர் எழுதிய 'குளத்தங்கரை அரசமரம்' 1915-இல் வெளிவந்தது. தமிழின் முதல் சிறுகதை என்று பலரும் அதைச் சொல்வார்கள். அதில் நாகராஜன் தன் மனதில் இருந்த உண்மையை ருக்மிணியிடம் முன்னமே சொல்லாமல் மறைக்கிறான். அந்த மௌனம்தான் துயரமான முடிவைக் கொண்டுவருகிறது.

இனி நான் திருத்தி எழுதிய கதை:

"சனிக்கிழமை பெரிய மார்க்கெட்டில் அம்மா பூ விற்றுக்கொண்டிருந்தார். நான் பக்கத்தில் உட்கார்ந்து கட்டிக்கொண்டிருந்தேன். என் வகுப்புத் தோழி அவள் அம்மாவுடன் வருவதைப் பார்த்தேன். சட்டென்று கூடைக்குப் பின்னால் ஒளிந்தேன்.

தோழியின் அம்மா மூன்று முழம் மல்லி வாங்கினார். முழம் முப்பத்தைந்து ரூபாய். இருநூறு ரூபாய்த் தாளை நீட்டினார். என் அம்மாவுக்குக் கணக்கு தடுமாறும். நூற்றைந்து ரூபாயைத் திருப்பிக் கொடுத்தார். அது அதிகம் என்று எனக்குத் தெரிந்தது. சொன்னால் தோழி என்னைப் பார்த்துவிடுவாள். சொல்லாவிட்டால் அம்மாவுக்குப் பத்து ரூபாய் நட்டம். எழுந்து நின்றேன். 'அம்மா, தொண்ணூற்றைந்துதான் தரணும்' என்றேன்.

தோழி சிரித்தாள். 'உங்க அம்மாவா? எங்க வீட்டுப் பூவெல்லாம் இவங்ககிட்டதான்' என்றாள். நான் கூடையை நகர்த்தி, அவள் உட்கார இடம் விட்டேன்."

எண்ணிப் பாருங்கள். தொடக்கம் 21, திருப்பம் 41, முடிவு 16, மொத்தம் 78 சொற்கள். மணிக்கூண்டு போய்விட்டது, மீன் வாசனையும் போய்விட்டது. கூடையை மட்டும் விட்டுவைத்தேன். ஏனென்றால் ஒளிவதற்கும் அது வேண்டும், கடைசியில் நகர்த்துவதற்கும் அது வேண்டும். தொடக்கத்தில் வைக்கும் பொருளுக்குப் பின்னால் ஒரு வேலை இருக்கணும். வேலை இல்லாததை அடித்துவிடலாம்.

திருப்பம் சரியா என்று பார்க்க தமிழம்மா ஒரு வழி சொன்னார்கள். 'எழுந்து நின்றேன்' என்ற இடத்திலிருந்து அந்தப் பத்தியின் கடைசி வரை விரலால் மறைத்துவிட்டு மீதியைப் படியுங்கள். முடிவு பொருந்தாமல் நிற்கிறது அல்லவா? அப்படியென்றால் திருப்பம் வேலை செய்கிறது. என் பழைய கதையில் எதை மறைத்தாலும் கனவு கனவாகவேதான் இருந்தது!

முடிவில் "ஆகவே உழைப்பே உயர்வு" என்று நீதி எழுதவில்லை. இடம் விட்டேன் என்பதிலேயே அது வந்துவிடுகிறது. நீதி எழுதினால் 4 வரி போதாது.

"இது நிஜமாவே நடந்ததாடி?" என்று தோழிகள் கேட்டார்கள். ஒளிந்தது நிஜம். எழுந்து நின்றது கதையில் மட்டும்தான். அன்னிக்கு அந்தப் பத்து ரூபாய் போயிடுச்சு. அம்மா இந்தத் தாளைப் படிக்கமாட்டாங்க, அதனால வீட்டில் நானே படிச்சுக் காட்டப்போறேன்.



– ஒன்பதாம் வகுப்பு மாணவி