விளம்பரம் ஞாபகம் இருக்குன்னா, வேலை செஞ்சிடுச்சா? பிராண்ட் லிஃப்ட் சர்வேயைப் படிப்பது எப்படி

ஒரு கேள்வியோட ஆரம்பிக்கலாம். ‘மீண்டும் மஞ்சப்பை’ விளம்பரத்தை எங்கேயாவது பார்த்த ஞாபகம் இருக்கா?

தமிழ்நாட்டில் ஒருமுறை மட்டும் பயன்படுத்தும் பிளாஸ்டிக் பொருட்களுக்கு 2019 ஜனவரி 1 முதல் தடை. 2021 டிசம்பர் 23-ல் மஞ்சப்பை இயக்கத்தை அரசு தொடங்கியது. பாதிப் பேர் ‘ஞாபகம் இருக்கு’ன்னு சொன்னா, பிரச்சாரம் ஹிட்டுன்னு எழுதிடலாமா? முடியாது. கல்யாண வீட்டுத் தாம்பூலப் பையா மஞ்சப்பையைப் பார்த்தே வளர்ந்தவங்க நாம. விளம்பரத்தைப் பார்க்காதவரும் ‘பார்த்த மாதிரிதான் இருக்கு’ம்பார். பொய் சொல்லலை, மனசு அப்படித்தான் வேலை செய்யுது.

அதனால பிராண்ட் லிஃப்ட் சர்வே கேட்கிற கேள்வி வேற. எத்தனை பேருக்கு ஞாபகம் இருக்குன்னு இல்லை. விளம்பரமே போடாம இருந்திருந்தா வந்திருக்கும் எண்ணிக்கையை விட எவ்வளவு கூடியிருக்கு?

ஒரு கற்பனைக் கணக்கு போட்டுப் பார்ப்போம். வெள்ளக்கடை, ஏற்காடு பக்கம் சனி, ஞாயிறு ஏறி வர்றவங்க துணிப்பையோட வரணும்னு, சேலத்து இளைஞர்களுக்கு மொபைல்ல ஒரு சின்ன வீடியோ விளம்பரம் விடுறோம். விடுறதுக்கு முன்னாடியே, விளம்பரம் போகக்கூடியவங்களைக் குலுக்கல் மாதிரி ரெண்டாப் பிரிக்கணும். ஒரு பாதிக்கு வீடியோ போகும். இன்னொரு பாதிக்கு வேணும்னே காட்ட மாட்டோம். இதுதான் கன்ட்ரோல் குரூப். கூகுள், மெட்டா நடத்துற லிஃப்ட் சர்வேக்களின் அடிப்படையும் இதுதான். சில நாளில் ரெண்டு பக்கமும் ஒரே கேள்வி போகும்: ‘கடந்த ரெண்டு நாள்ல துணிப்பை பற்றிய விளம்பரம் பார்த்த ஞாபகம் இருக்கா?’

ரெண்டு பக்கமும் 1000 பேர் பதில் சொன்னாங்கன்னு வைங்க. பார்த்த குரூப்ல 34 சதவீதம் ‘ஆமா’. காட்டாத குரூப்ல 28 சதவீதம் ‘ஆமா’. அந்த 28 நம்ம விளம்பரம் சம்பாதிச்சது இல்லை. மிச்சம் 6 புள்ளிதான் லிஃப்ட். ரிப்போர்ட்ல இதையே ‘21 சதவீதம் உயர்வு’ன்னு போடுவாங்க, ஏன்னா 28-ல 6 என்பது 21 சதவீதம். கணக்கு சரி, ஆனா கேட்கப் பெரிசா இருக்கும். எப்பவும் ரெண்டு குரூப்போட அசல் சதவீதத்தையும் கேட்டு வாங்குங்க.

அடுத்து, அந்த 6 எவ்வளவு உறுதி? 1000 பேர்னா இந்த வித்தியாசம் ஏறக்குறைய 4 புள்ளி மேலோ கீழோ ஆடும். அதாவது உண்மையான லிஃப்ட் 2-லிருந்து 10-க்குள்ள இருக்கலாம். ஏதோ நடந்திருக்குன்னு சொல்லலாம். ஆனா பக்கத்துக்கு 200 பேர்தான்னா ஆட்டம் 9 புள்ளி. அப்போ அதே 6, மைனஸ் 3-லிருந்து 15 வரைக்கும் எதுவாகவும் இருக்கலாம். அந்த ரிப்போர்ட்டை வச்சு ஒரு முடிவும் எடுக்க முடியாது.

ஞாபகம் வந்தாச்சு, மனசு மாறுச்சா? அதுக்குத் தனிக் கேள்வி: ‘அடுத்த டிரிப்புக்குத் துணிப்பை எடுத்துட்டுப் போவீங்களா?’ பார்த்தவங்கள்ல 81, பார்க்காதவங்கள்ல 80 சதவீதம் ‘போவேன்’னு வந்தா, ஒரு புள்ளி வித்தியாசம் ஆட்டத்துக்குள்ள அடங்கிடும். லிஃப்ட் இருக்குன்னு சொல்ல ஆதாரமில்லை. அதோட, நல்ல பேர் வாங்கித் தர்ற பதிலைத்தான் எல்லாரும் சொல்வாங்க. ஏற்கெனவே 80-ல நிக்கிற கேள்வி மாற்றத்தைக் காட்டாது. ‘போன தடவை கடையில எதுல வாங்கிட்டு வந்தீங்க?’ன்னு நடந்ததைக் கேட்கிறது மேல்.

இந்த இடத்துலதான் பெரிய ஏமாற்று நடக்கும். லிஃப்ட் வரலைன்னதும், விளம்பரம் ஞாபகம் இருக்கறவங்களையும் இல்லாதவங்களையும் ஒப்பிட்டு, ‘ஞாபகம் இருக்கறவங்க துணிப்பையை அதிகம் விரும்புறாங்க’ன்னு ஒரு ஸ்லைடு வரும். துணிப்பை மேல ஏற்கெனவே அக்கறை உள்ளவருக்குத்தான் அந்த விளம்பரம் மனசுல நிக்கும். விருப்பம் ஞாபகத்தைக் கொண்டு வந்ததா, ஞாபகம் விருப்பத்தைக் கொண்டு வந்ததான்னு அந்த ஸ்லைடால சொல்லவே முடியாது. குலுக்கல்ல பிரிச்ச ரெண்டு குரூப்பை மட்டும்தான் ஒப்பிடணும்.

மாநிலம் முழுக்க ஒரே நாள்ல போஸ்டர் ஒட்டுற பிரச்சாரத்துக்கு கன்ட்ரோல் குரூப்பே கிடையாது. முன்னாடி ஒரு சர்வே, பின்னாடி ஒரு சர்வே எடுத்தா, இடையில நடந்த அபராத ரெய்டும் செய்தியும் சேர்ந்தே எண்ணிக்கையில ஏறிடும். எல்லாருக்கும் போய்ச் சேரப் போற பிரச்சாரம்னாலும் ஒரு வழி இருக்கு: ஊர்களைக் குலுக்கிப் பாதியில முதல்ல ஆரம்பிச்சு, மீதிக்கு ரெண்டு மாசம் கழிச்சு விடுறது. அந்த ரெண்டு மாசத்துக்கு, காத்திருக்கிற ஊர்கள்தான் உங்க கன்ட்ரோல் குரூப். எத்தனை பேர்னு எண்ணாம எத்தனை ஊர்னு எண்ணுங்க; ஒரே ஊர்க்காரங்க பதில் ஒண்ணுபோல இருக்கும், அதனால ரெண்டு ஊர்ல 500 பேரைக் கேட்கிறதை விட இருபது ஊர்ல 25 பேர் வீதம் கேட்கிறது நம்பகமானது.

அடுத்த தடவை யாராவது லிஃப்ட் ரிப்போர்ட் காட்டினா, முதல்ல கேளுங்க: காட்டாத பாதி எங்கே?