குலதெய்வம் கோயிலுக்கு ஒரு வேன்: குடும்பக் குழுவில் தேதி, செலவு, ஓட்டுநர் முடிவாகும் விதம்

குலதெய்வம் கோயில் பயணத்தை முடிவு செய்யும் இடம் இன்று பெரும்பாலான குடும்பங்களில் வாட்ஸ்அப் குழுதான். முன்பு மூத்தவர் ஒருவர் தேதி குறித்துக் கடிதம் போடுவார், மற்றவர்கள் வந்து சேர்வார்கள். குழுவில் எல்லோரும் ஒரே நேரத்தில் பேசுகிறார்கள். தேதியைக் கேட்டவருக்குப் பதில் வரும் முன்பே ஒருவர் அறை வாடகையைக் கேட்பார், இன்னொருவர் கார் எடுத்து வருவதாகச் சொல்வார், நடுவே காலை வணக்கப் படங்கள் நான்கு வந்து விழும். இரண்டு நாள் கழித்து மேலே தள்ளிப் பார்த்தால், எது முடிவு, எது பேச்சு என்று யாருக்கும் தெரியாது.

இந்தக் குழப்பத்துக்குக் காரணம் கேள்விகளை வரிசை மாற்றிக் கேட்பதுதான். தேதி தெரியாமல் வண்டி பேச முடியாது. வண்டி முடிவாகாமல் செலவு சொல்ல முடியாது. எனவே தேதி, வண்டி, செலவு என்ற வரிசையில் ஒன்று முடிந்த பிறகே அடுத்ததை எடுக்க வேண்டும். ஒரு மாதிரிக் குடும்பத்தை வைத்து இதைப் பார்க்கலாம்.

சகோதரர்கள் மூவர். சென்னை வீட்டில் கணவன், மனைவி, பிளஸ் டூ முடிக்கும் மகள், மூவருக்கும் தாயான பாட்டி. கோவை வீட்டில் கணவன், மனைவி, ஒன்பது வயதிலும் நான்கு வயதிலும் இரண்டு பிள்ளைகள். மதுரை வீட்டில் கணவன், மனைவி, கைக்குழந்தை. அந்தக் குழந்தைக்குத்தான் மொட்டை போட்டுக் காது குத்த வேண்டும். தாய்மாமன் மடி இல்லாமல் காதுகுத்து இல்லை. ஆகவே திண்டுக்கல்லில் இருந்து தாய்மாமனும் அவர் மனைவியும் வருகிறார்கள். மொத்தம் பதின்மூன்று பேர். கோயில் திருச்செந்தூர்ப் பக்கம் ஒரு கிராமத்துச் சாஸ்தா கோயில்.

முதல் வேலை இதற்கென்று தனிக் குழு தொடங்குவது. அறுபது பேர் இருக்கும் பங்காளிகள் குழுவில் பேசினால், வராதவர்களின் யோசனைகளும் சேர்ந்துகொள்ளும். தாய்மாமன் அந்தக் குழுவில் இருக்கவும் மாட்டார்.

தேதி: கழித்துக்கொண்டே வருவது

“எப்போது போகலாம்?” என்று பொதுவாகக் கேட்டால் பதிமூன்று விருப்பங்கள் வரும். தேதி விருப்பத்தால் முடிவாவதில்லை, முடியாத நாட்களைக் கழித்து மிஞ்சுவதே தேதி. அந்தக் கழித்தலில் பாதியைக் குழுவில் கேட்கும் முன்பே, பொறுப்பேற்ற ஒருவர் இரண்டு தொலைபேசி அழைப்புகளில் முடித்துவிடலாம்.

முதல் அழைப்பு பூசாரிக்கு. கிராமத்துக் கோயில் பலவற்றில் தினமும் நடை திறப்பதில்லை. இந்தப் பூசாரி வெள்ளியும் ஞாயிறும் மட்டும் வருபவர். பங்குனி உத்திரத்தன்று தென்மாவட்டச் சாஸ்தா கோயில்களில் கூட்டம் நெருக்கும், அன்று காதுகுத்து வைத்தால் பொங்கல் வைக்கவே இடம் கிடைக்காது. இரண்டாவது அழைப்பு பாட்டிக்கு. முடி இறக்குவது ஒற்றைப்படை மாதத்தில்தான் என்பார். குழந்தைக்குப் பதினொன்றாம் மாதம் ஏப்ரல் கடைசியில் தொடங்கி மே மூன்றாம் வாரம் வரை. பங்காளி வீட்டில் சாவுத் தீட்டு உண்டா, குழந்தையின் ஜன்ம நட்சத்திரம் என்றைக்கு வருகிறது என்பதையும் அவரோ வீட்டு ஜோசியரோ சொல்லிவிடுவார்கள்.

இப்போது கையில் நான்கு ஞாயிறுகள் இருக்கின்றன. மே முதல் ஞாயிறு நீட் தேர்வு, அதைச் சென்னை மகள் எழுதுகிறாள். இரண்டாம் ஞாயிறு ஜன்ம நட்சத்திரம். மிஞ்சியவை ஏப்ரல் கடைசி ஞாயிறும் மே மூன்றாம் ஞாயிறும். இந்த இரண்டை மட்டும் வைத்துக் குழுவில் வாக்கெடுப்பு போடலாம். வாட்ஸ்அப் வாக்கெடுப்பில் பன்னிரண்டு பதில்கள் வரை கொடுக்க இடம் உண்டு, ஆனால் அத்தனை தேதிகளைக் கொடுத்தால் வாக்குகள் சிதறி எதற்கும் பெரும்பான்மை கிடைக்காது.

கேள்வியை “எது வசதி?” என்று கேட்பதைவிட “எந்த நாள் முடியாது?” என்று கேட்பது நல்லது. பதிலே போடாதவர்கள் எல்லாக் குழுவிலும் உண்டு. முதல் கேள்வியில் அவர்களுடைய மௌனத்துக்குப் பொருள் கிடையாது. இரண்டாவதில் மௌனம் என்றால் சம்மதம். புதன் இரவு ஒன்பது மணிக்கு மேல் மாற்றம் இல்லை என்று கெடுவும் சேர்த்துவிட வேண்டும். இங்கே கோவை வீடு ஏப்ரல் ஞாயிறு முடியாது என்கிறது, மறுநாள் பிள்ளைக்கு முழு ஆண்டுத் தேர்வு. மே மூன்றாம் ஞாயிறு நின்றுவிடுகிறது.

இதில் குழுவில் எழுதப்படாத ஒரு கணக்கும் இருக்கிறது. கோயில் தேதி பெண்களின் மாதவிலக்கு நாளோடு மோதினால், பல வீடுகளில் அதைப் பொதுவில் சொல்ல மாட்டார்கள். “அன்னைக்கு எனக்குத் தோதுப்படாது” என்று மட்டும் வரும், அல்லது பதிலே வராது. வாக்கெடுப்பில் யார் எதற்கு வாக்களித்தார் என்பதும் எல்லோருக்கும் தெரியும். ஆகவே வாக்கெடுப்புக்கு முன்பே வீட்டுப் பெண் ஒருவர் மற்றப் பெண்களிடம் தனியாகக் கேட்டுவிடுவது வழக்கம். குழுவில் காரணம் கேட்காமல் இருப்பது மற்றவர்களின் பொறுப்பு.

வண்டி: யார் ஓட்டுவது

தேதி முடிவானதும் ரயில். முன்பதிவு 2024 நவம்பர் முதல் 60 நாட்களுக்கு முன்புதான் தொடங்குகிறது. கோடை விடுமுறையில் தென்மாவட்ட ரயில்கள் தொடங்கிய காலையிலேயே நிரம்பிவிடும். எனவே மே மூன்றாம் வாரப் பயணத்துக்குத் தேதி மார்ச் நடுவிலேயே முடிவாகியிருக்க வேண்டும்.

யார் ஓட்டுவது என்ற கேள்விக்குக் குழுவில் வழக்கமாக வரும் பதில் “நான் ஓட்டுறேன், என்ன பெரிய தூரம்” என்பது. கோவை சகோதரரிடம் கார் இருக்கிறது. வெள்ளிக்கிழமை வேலை முடித்து இரவே கிளம்பினால் விடியலில் திருச்செந்தூர். அந்தக் கணக்கில் தூரம் இருக்கிறது, தூக்கம் இல்லை. பகல் முழுவதும் அலுவலகத்தில் இருந்தவர் அதிகாலை இரண்டு மணிக்கும் நான்கு மணிக்கும் நடுவே ஸ்டீயரிங் பிடித்திருப்பார். திரும்பும் நாளும் அவர்தான் ஓட்ட வேண்டும். விடியலில் எழுந்து பொங்கல் வைத்து, விருந்து சாப்பிட்டு, மதிய வெயிலில் கிளம்புவார். சொந்தக் காரில் போவதென்றால் உரிமம் உள்ள இரண்டாவது ஆள் ஒருவர் அதே காரில் இருக்க வேண்டும், நள்ளிரவுக்குப் பின் வண்டி ஓடக்கூடாது. இந்த இரண்டும் முடியாவிட்டால் வாடகை வண்டிதான்.

இந்தக் குடும்பத்துக்கு அது பொருந்தியும் வருகிறது. பதின்மூன்று பேரில் குழந்தை மடியில். மிச்சம் பன்னிரண்டு இருக்கை, ஒரு டெம்போ டிராவலர் போதும். எல்லோரும் சனிக்கிழமை காலை மதுரையில் கூடுவது, அங்கிருந்து சுமார் 180 கிலோமீட்டரை நான்கு மணி நேரத்தில் கடப்பது என்று வைத்துக்கொள்ளலாம்.

வேன் பேசும்போது கிலோமீட்டர் விலையை மட்டும் கேட்டால் கடைசியில் பில் பெரிதாக வரும். நாளுக்குக் குறைந்தபட்சம் எத்தனை கிலோமீட்டர், கணக்கு ஷெட்டிலிருந்து ஷெட் வரையா, ஓட்டுநர் பேட்டா எவ்வளவு, டோலும் பார்க்கிங்கும் யாருடையது என்ற நான்கையும் கேட்டு, அந்தப் பதிலைக் குழுவில் போட வேண்டும். வண்டியின் எண் பலகை மஞ்சளாக இருக்க வேண்டும். வெள்ளைப் பலகை வண்டியை வாடகைக்கு ஓட்டுவது சட்டப்படி செல்லாது, விபத்து நேர்ந்தால் காப்பீட்டிலும் சிக்கல் வரும். சனி இரவு ஓட்டுநர் படுக்க இடம் ஏற்பாடு செய்வதும் குடும்பத்தின் வேலைதான். மறுநாள் பதின்மூன்று பேரையும் அவர்தான் கொண்டு வந்து சேர்க்க வேண்டும்.

செலவு: ஆள் கணக்கு, தலைக்கட்டுக் கணக்கு

செலவில் மனக்கசப்பு வருவது தொகையால் அல்ல, எந்தக் கணக்கில் பிரிக்கிறார்கள் என்பது முன்பே தெரியாததால். கோயில் கொடைக்கு ஊரில் வரி வசூலிக்கும்போது தலைக்கட்டுக்கு இவ்வளவு என்பார்கள். திருமணமான ஆண் ஒருவரின் குடும்பம் ஒரு தலைக்கட்டு. சாப்பாட்டுக்கும் வண்டிக்கும் அந்தக் கணக்கு சரிவராது, அங்கே ஆள் எண்ணிக்கைதான் நியாயம். அதனால் செலவை மூன்றாகப் பிரிப்பது நல்லது.

முதலாவது பயணச் செலவு. வேன் 500 கிலோமீட்டருக்கு, கிலோமீட்டர் 24 ரூபாய் என்று பேசினால் 12,000, பேட்டா 1,200, டோல், பார்க்கிங் 800, ஆக 14,000. அறை 5,500, சாப்பாடு 6,000. மொத்தம் 25,500 ரூபாய். பெரியவர்கள் ஓர் ஆள், ஒன்பது வயதுப் பிள்ளை அரை ஆள், நான்கு வயதுப் பிள்ளையும் கைக்குழந்தையும் கணக்கில் இல்லை. பாட்டியின் பங்கு பிள்ளைகள் மூவர் மேலும் விழுகிறது. தாய்மாமன் தம்பதியும் விருந்தாளிகள், அவர்களிடம் பங்கு கேட்பதில்லை. சென்னை 3, கோவை இரண்டரை, மதுரை 2 என ஏழரை ஆள், ஆளுக்கு 3,400.

இரண்டாவது குலதெய்வத்துக்கான பூசை: அபிஷேகம், மாலை, பொங்கல் சாமான், பூசாரி தட்சணை. இது 6,000 என்றால் தலைக்கட்டுக்கு 2,000. மூன்றாவது குழந்தைக்கான மொட்டை, காதுகுத்துச் செலவு. இந்த 4,000 பெற்றோருடையது மட்டும். தோடும் புதுத்துணியும் தாய்மாமன் சீர், அதை யாரும் கணக்கில் எழுதுவதில்லை.

ஆக, சென்னை வீடு 12,200, கோவை வீடு 10,500, மதுரை வீடு 12,800 ரூபாய். மதுரை வரை வந்து போகும் செலவு அவரவருடையது. இந்த ஒரு வரியை முதலிலேயே எழுதாவிட்டால், நாலு ரயில் டிக்கெட் எடுத்த சென்னை வீட்டுக்கும், பெட்ரோல் போட்டுக் காரில் மதுரை வந்த கோவை வீட்டுக்கும் பின்னால் பேச்சு வரும். பணத்தை ஒருவர் கையில் சேர்ப்பதே எளிது. வீட்டுக்கு 8,000 ரூபாய் முன்பணம் அவருக்கு யுபிஐ-யில் போய்விட்டால், வேன் அட்வான்சும் அறை முன்பதிவும் அவர் கையிலிருந்து நடக்கும். ஒவ்வொரு பில்லையும் அவர் அப்போதே படமெடுத்துக் குழுவில் போட வேண்டும்.

முடிவு ஒரே செய்தியில்

மூன்றும் முடிந்ததும் எல்லாவற்றையும் ஒரே செய்தியாக எழுதிக் குழுவின் மேலே பின் செய்ய வேண்டும். பின் செய்த செய்தி அதிகபட்சம் 30 நாட்கள்தான் நிற்கும், பிறகு மறுபடி பின் செய்ய வேண்டும். செய்தி இவ்வளவு இருந்தால் போதும்:

“சனி காலை 10 மணி, மதுரை வீட்டிலிருந்து வேன் கிளம்பும். இரவு திருச்செந்தூரில் தங்கல். ஞாயிறு காலை 6-க்குக் கோயிலுக்குக் கிளம்பணும். 9 முதல் 10.30-க்குள் மொட்டை, காதுகுத்து. மதியம் 2.30-க்குத் திரும்பல், இரவு 7-க்குள் மதுரை. முன்பணம் வீட்டுக்கு 8,000, ஏப்ரல் 30-க்குள். பொங்கல் பானை, விறகு: மதுரை. மாலை, பழம்: கோவை. பாட்டி மருந்துப் பை: சென்னை.”

இதற்குக் கீழே வெறும் “ஓகே” வந்தால் அது எதற்கான ஓகே என்று தெரியாது. வீட்டுக்கு ஒருவர் இந்தச் செய்தியை இழுத்து அதற்கே பதிலாக எழுத வேண்டும். செயலி பார்க்காத பாட்டிக்கு யாராவது படித்துக் காட்ட வேண்டும்.

இடையில் பங்காளி வீட்டில் சாவு விழுந்தால் பயணம் நின்றுவிடும். பதினொன்றாம் மாதம் தவறினால் அடுத்த ஒற்றைப்படைக்கு, பெரும்பாலும் மூன்றாம் வயதுக்கு, மொட்டை தள்ளிப்போகும். வேன்காரர் அட்வான்சை எத்தனை நாள் முன்பு சொன்னால் திருப்பித் தருவார் என்று பேசும்போதே கேட்டு வைப்பது அதற்காகத்தான்.

ஊர் திரும்பிய இரண்டு நாளுக்குள் கணக்கு குழுவில் வந்துவிட வேண்டும். மிச்சம் இருந்தால் திருப்பி அனுப்பி, குறைந்தால் வாங்கிக்கொண்டு குழுவை மூடிவிடலாம். பூசாரி எண்ணும் வேன்காரர் எண்ணும் மட்டும் பங்காளிகள் குழுவுக்குப் போகும். அடுத்த வருடம் இன்னொரு வீட்டுப் பிள்ளைக்கு மொட்டை போட அவை வேண்டும்.