சூடம் தண்ணீரில் ஆடுகிறதா?

நன்றாகக் கழுவி, எண்ணெய்ப் பிசுக்கு போன ஒரு கிண்ணத்தில் தண்ணீர் நிரப்ப வேண்டும். சூட வில்லை ஒன்றை எடுத்து, சுத்தமான கத்தி முனையால் அதன் மேல் தூளைக் கொஞ்சம் சுரண்டி விட வேண்டும். தூள் தண்ணீரில் விழுந்ததுமே உயிர் வந்ததுபோல் சுழலும். ஒன்றை ஒன்று விரட்டும். கிண்ணத்தின் ஓரத்தில் முட்டித் திரும்பும். கற்பூரம் மெல்லப் பரவி, தண்ணீர்ப் பரப்பின் இழுவிசையை ஒரு பக்கம் குறைப்பதால் வரும் ஆட்டம் இது. அதே தண்ணீரில் ஒரு சொட்டு நல்லெண்ணெய் விட்டால் ஆட்டம் சட்டென்று நின்றுவிடும். வீட்டுக் குழந்தைகளுக்கு இது வேடிக்கை. சூடம் வாங்குபவருக்கு முதல் சோதனை.

தூள் ஆடாமல் அப்படியே மிதந்து கிடந்தால், அதில் மெழுகு கலந்திருக்கலாம். நீரில் மூழ்கிக் கரைந்தால் ஹெக்ஸமைனைச் சந்தேகிக்கலாம். சூட வில்லையில் அடிக்கடி கலக்கப்படும் மலிவுச் சரக்குகள் இவை இரண்டும்தான். ஹெக்ஸமைன் என்பது மலையேறுபவர்களும் ராணுவத்தினரும் சின்ன அடுப்புகளில் எரிக்கும் வெள்ளை எரிபொருள் வில்லை. பார்வைக்குச் சூடம் போலவே இருக்கும், பற்றவைத்தால் நன்றாக எரியும். ஆனால் அரைகுறையாக எரியும்போது ஃபார்மால்டிஹைடு போன்ற கண்ணையும் மூக்கையும் கரிக்கும் வாயுக்கள் வரும்.

'சூடம் மிதந்தால் சுத்தம், மூழ்கினால் கலப்படம்' என்று பலர் சொல்வதுண்டு. அதை நம்ப முடியாது. கற்பூரத்தின் அடர்த்தி ஏறக்குறைய தண்ணீரின் அடர்த்தியேதான். வில்லையை எவ்வளவு அழுத்தி அச்சடித்தார்கள் என்பதைப் பொறுத்து மிதக்கவும் செய்யும், மூழ்கவும் செய்யும். மெழுகு கலந்தது இன்னும் நன்றாகவே மிதக்கும்!

அடுத்த சோதனைக்கு ஒரு எவர்சில்வர் கரண்டி போதும். வில்லையை அதில் வைத்துக் கொளுத்தி, எரிந்து முடிந்ததும் கரண்டி ஆறும்வரை காத்திருக்க வேண்டும். நல்ல சூடம் எதையும் மிச்சம் வைக்காது. மெழுகு கலந்ததென்றால் அடியில் வழவழவென்று ஒரு படலம் உறைந்திருக்கும். ஹெக்ஸமைன் அதிகமென்றால் சுடர் வெளிறிப்போய் நீலம் பூத்ததாகவும், கரிப்புகை ஏறக்குறைய இல்லாமலும் எரியும். லேசாக மீன் கவிச்சி போன்ற நெடி வரும்.

இங்கேதான் பலர் ஏமாறுகிறார்கள். 'புகையாத சூடம்' என்று கடைக்காரர் பெருமையாக எடுத்து நீட்டுவார். சுத்தமான கற்பூரம் கரிப்புகை விடாமல் எரியவே எரியாது. அந்தக் காலத்தில் கற்பூரச் சுடரின் மேல் தட்டைக் கவிழ்த்துக் கரி பிடித்துக் கண்மை செய்திருக்கிறார்கள். பூஜை அலமாரியின் மேல் பலகை கறுத்துப்போவதும் இதனால்தான். சாம்பல் மிஞ்சாமல் எரிவது சுத்தத்தின் அடையாளம். புகையே வராமல் எரிவது சந்தேகத்துக்கு உரியது.

மூன்றாவது சோதனைக்குப் பொறுமை வேண்டும். வில்லையை ஒரு தட்டில் திறந்து வைத்தால், நல்ல சூடம் நாளுக்கு நாள் சிறுத்துச் சில வாரங்களில் காணாமல் போகும். மெழுகு கலந்தது ஓட்டை விழுந்த எலும்புக்கூடு போல அங்கேயே உட்கார்ந்திருக்கும்.

'இயற்கைச் சூடம்' என்று எழுதியதற்காக இரண்டு மடங்கு விலை கொடுப்பவர்கள் ஒரு சங்கதியைத் தெரிந்துகொள்ள வேண்டும். கற்பூர மரத்துக் கட்டையை ஆவியில் வடித்துச் சூடம் எடுப்பது பழைய முறை. இன்று பூஜைக்கு வரும் சூடத்தில் பெரும்பகுதி பைன் மரப் பிசினிலிருந்து வரும் டர்பன்டைனை மூலப்பொருளாக வைத்து ஆலைகளில் செய்யப்படுவது. காஞ்சிபுரத்தில் இயங்கும் காஞ்சி கற்பூரம் நிறுவனமும், மகாராஷ்டிரத்தைச் சேர்ந்த மங்களம் ஆர்கானிக்ஸும் இப்படித் தயாரிப்பவைதான். ஆலையில் செய்ததாலேயே அது கலப்படம் ஆகிவிடாது, மூலக்கூறு ஒன்றேதான். கலப்படம் பெரும்பாலும் அதற்குப் பிறகு, தூளை வாங்கி வில்லை அடிக்கும் சின்னப் பட்டறையில் நுழைகிறது.

தமிழ் வணிகர்கள் ஒரு காலத்தில் கடல் கடந்து போய் வாங்கிய கற்பூரம் இது அல்ல. சுமத்ராவின் மேற்குக் கரையில் பாருஸ் அருகே, 1088ஆம் ஆண்டைச் சேர்ந்த ஐந்நூற்றுவர் வணிகக் குழுவின் தமிழ்க் கல்வெட்டு கிடைத்திருக்கிறது. அந்தத் துறைமுகத்தின் பெயர் உலகெங்கும் பரவக் காரணமான கற்பூரம் வேறொரு காட்டு மரத்தின் உள்ளே உறையும் படிகம். வேதியியலிலும் சற்று வேறு பொருள்.

சூடத்தில் புகையைவிடப் பெரிய ஆபத்து, அது மிட்டாய் போலத் தெரிவதுதான். சின்னக் குழந்தை விழுங்கிவிட்டால் அரை மணிக்குள்ளேயே வலிப்பு வரலாம். ஒரு கிராம் அளவே உயிருக்கு ஆபத்தாகலாம். நியூயார்க்கின் பிராங்க்ஸ் பகுதியில் கற்பூரத்தால் வலிப்பு வந்து சேர்க்கப்பட்ட மூன்று குழந்தைகளைப் பற்றி 2009இல் ஒரு மருத்துவ இதழ் எழுதியது. விழுங்கிய குழந்தைக்கு உப்புத் தண்ணீர் கொடுத்து வாந்தி எடுக்க வைக்கக் கூடாது. நேராக மருத்துவமனைக்குத்தான் போக வேண்டும். பூஜைச் சூடத்தைத் தீர்த்தத்திலோ பொங்கலிலோ போடவும் கூடாது. அதற்குப் பச்சைக் கற்பூரம் தனியாக உண்டு. அதுவும் அரிசி மணி அளவு போதும்.

ஊதுபத்தியின் கதை வேறு மாதிரி. சூடம் ஒரே பொருள், பத்தி ஒரு கூட்டுச் சமையல். மூங்கில் குச்சியின் மேல் கரித்தூளும் மரத்தூளும் 'ஜிகட்' என்ற மரப்பட்டைத் தூளும் பிசைந்து ஒட்டப்படுகின்றன. ஜிகட்தான் பசை. இந்த நிலையில் குச்சிக்கு வாசனை கிடையாது. தொழிலில் இதற்குக் கச்சாப் பத்தி என்று பெயர். வியட்நாமிலிருந்தும் சீனாவிலிருந்தும் இது ஏராளமாக வந்து குவிந்ததால், 2019 ஆகஸ்டில் மத்திய அரசு இறக்குமதிக்குக் கட்டுப்பாடு போட்டது.

கச்சாப் பத்தியை வாசனைத் திரவத்தில் முக்கி உலர்த்தினால் கடைச் சரக்கு தயார். அந்தத் திரவம் முழுக்க வாசனை அல்ல. அதை நீர்க்க வைக்கப் பெரும்பாலும் டி.இ.பி. என்று சுருக்கிச் சொல்லும் டைஎத்தில் தாலேட்டோ வெள்ளை எண்ணெயோ சேர்க்கிறார்கள். வாசனையைவிடப் பல மடங்கு அதுதான் இருக்கும். மலிவுப் பத்தியைப் பிரித்ததும் விரலில் பிசுபிசுப்பு ஒட்டுவதும், அட்டைப்பெட்டியில் எண்ணெய்க் கறை படிவதும் இதனால்தான். கொளுத்துவதற்கு முன்பே மூக்கைத் துளைத்து, கொளுத்தியதும் கண்ணை எரிக்கும் பத்தி அநேகமாக இந்த ரகம்.

இன்னொரு ரகம் மசாலா பத்தி. வாசனைப் பொருளை மாவிலேயே சேர்த்துப் பிசைந்து உருட்டுவார்கள். சந்தனத் தூள், வெட்டிவேர், மட்டிப்பால் எல்லாம் அதில் போகும். மட்டிப்பால் என்பது பெருமரத்தைக் கீறி எடுக்கும் பிசின்; வடக்கே ஹல்மாடி என்பார்கள். இந்தப் பத்தி பெட்டியில் இருக்கும்போது அடக்கமாக மணக்கும், கொளுத்திய பிறகுதான் விரியும்.

வாசனையைக் கணக்குப் போட்டும் சோதிக்கலாம். ஒரு கிலோ சந்தன எண்ணெய் லட்சக்கணக்கில் விற்கிறது. பத்து ரூபாய்ப் பாக்கெட்டில் பதினைந்து பத்தி, குச்சி, கரி, கூலி, அட்டை, கடைக்காரர் லாபம் எல்லாம் போக அதில் எத்தனை பைசாவுக்குச் சந்தனம் இருக்க முடியும்? அதில் இருப்பது சந்தனம் போல மணக்கும் வேதிப்பொருள். அதுவே குற்றம் என்று சொல்ல வேண்டியதில்லை. 'நூறு சதவீதம் இயற்கைச் சந்தனம்' என்று அட்டையில் எழுதுவதுதான் பொய்.

எந்தப் பத்தியாக இருந்தாலும் புகை புகைதான். ஒரு கிராம் பத்தி எரிந்தால் சுமார் 45 மில்லிகிராம் நுண்துகள் வருவதாக ஆய்வுகள் சொல்கின்றன. சிகரெட்டில் அது சுமார் 10. பத்துக்குப் பத்தடி அறை, பத்தடி உயரம் என்று வைத்துக்கொண்டால் உள்ளே இருக்கும் காற்று சுமார் 28 கன மீட்டர். ஜன்னலையும் கதவையும் இறுக மூடி ஒரே ஒரு பத்தி கொளுத்தி, துகள் எதுவும் வெளியேறாமலும் படியாமலும் இருந்தால், கன மீட்டருக்கு ஏறக்குறைய 1,600 மைக்ரோகிராம். நுண்துகளுக்கு 24 மணி நேரச் சராசரியாக நம் நாட்டில் வகுத்திருக்கும் வரம்பு 60. அரை மணிப் புகையையும் ஒரு நாள் சராசரியையும் நேராக ஒப்பிட முடியாது என்றாலும், அடைத்த அறையில் பத்தி என்ன செய்யும் என்பதற்கு இது ஒரு குத்துமதிப்பு. ஜன்னலைத் திறந்தால் இந்தக் கணக்கே மாறிவிடும். பத்தியை இரண்டாக ஒடித்துப் பாதி கொளுத்தினால் துகளும் பாதி.

சிங்கப்பூரில் 61,320 சீனர்களைப் பல ஆண்டுகள் தொடர்ந்து கவனித்து 2008இல் வெளியான ஆய்வு, நீண்ட காலம் தினமும் பத்தி ஏற்றியவர்களுக்கு வாய், தொண்டை, குரல்வளை போன்ற மேல் சுவாசப் பாதையில் புற்றுநோய் கூடியதைக் கண்டது. நுரையீரல் புற்றுநோயில் ஒட்டுமொத்தமாக அப்படி ஒரு கூடுதலைக் காணவில்லை. ஆஸ்துமாக்காரரோ கைக்குழந்தையோ இருக்கும் வீட்டில் பத்தியை வாசல் பக்கமோ பால்கனியிலோ ஏற்றிவிட்டு, உள்ளே எண்ணெய் விளக்கு மட்டும் வைக்கலாம்.

ஒரு பத்தியை மட்டும் பூஜை அறைக்குள் விடவே கூடாது: சாமிக்கும் ஆச்சு, கொசுவுக்கும் ஆச்சு என்று விற்கும் கொசுப் பத்தி. அதன் வேலையைச் செய்வது பூச்சிக்கொல்லி. 1968ஆம் ஆண்டுப் பூச்சிக்கொல்லிச் சட்டப்படி அதற்குப் பதிவு எண் வேண்டும். அட்டையில் அந்த எண் இல்லையென்றால் உள்ளே என்ன இருக்கிறது என்பது செய்தவருக்கே வெளிச்சம். 2025 டிசம்பரில் வெளியான ஐ.எஸ். 19412 என்ற இந்தியத் தரநிர்ணயம் அல்லெத்ரின், பெர்மெத்ரின், சைபர்மெத்ரின், டெல்டாமெத்ரின், ஃபிப்ரோனில் ஆகியவற்றை ஊதுபத்தியில் சேர்க்கத் தடை போட்டிருக்கிறது. இதன்படி செய்பவர்கள் தரமுத்திரை பெறலாம். இனி கடையில் முதலில் தேட வேண்டியது அதைத்தான்.

முத்திரை இல்லாத பாக்கெட் என்றால் அதைத் திருப்பிப் பின்பக்கம் பார்க்க வேண்டும். 'தயாரிப்பவர்' என்ற வரியும் 'சந்தைப்படுத்துபவர்' என்ற வரியும் வேறு வேறு. இரண்டாவது மட்டும் இருந்தால், யாரோ செய்த சரக்குக்கு யாரோ பெயர் வைத்திருக்கிறார்கள். தயாரித்த இடத்தின் முழு முகவரி, மாதமும் ஆண்டும், எடை, புகார் சொல்ல ஒரு தொலைபேசி எண் இவை இருக்க வேண்டும். மைசூர் பத்திக்கு 2005இல் புவிசார் குறியீடு கிடைத்தது. 1948இல் அங்கே தொடங்கிய என். ரங்கராவ் நிறுவனம், கர்நாடக அரசின் மைசூர் சாண்டல் போன்றவை தங்கள் பெயரைப் போட்டே விற்கின்றன. ஆனால் 'மைசூர்' என்ற சொல் அட்டையின் முன்பக்கம் பெரிதாக இருந்து, பின்பக்க முகவரி வேறு ஊரைக் காட்டினால், பாக்கெட்டைத் திரும்ப அலமாரியிலேயே வைத்துவிடலாம்.